பழைய எழுத்தை வைத்து ஏஐ டிடெக்டரைச் சோதிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய எழுத்து எதற்கு? இப்போது எழுதுகிறவர்களிடமே "நீங்களே எழுதியதுதானே" என்று கேட்டு வாங்கிக்கொண்டால் ஆகாதா?

ஒரு கட்டுரையை மனிதர் எழுதினாரா ஏஐ எழுதியதா என்று கணிக்கும் கருவிதான் டிடெக்டர். அதைச் சோதிக்க, மனிதர் எழுதியது என்று உறுதியாகத் தெரிந்த எழுத்து வேண்டும். இப்போது எழுதுகிறவர்களிடம் கேட்கலாம், ஆனால் வருகிற பதிலைச் சரிபார்க்க வழி கிடையாது. ஒருவர் முழுக்கத் தானே எழுதியிருப்பார். இன்னொருவர் ஒரு பத்தியை மட்டும் சாட்ஜிபிடி போன்ற மொழி மாடலிடம் கொடுத்துச் சீர்செய்து வாங்கியிருப்பார், அதைக் குறையாக நினைக்காததால் சொல்லவும் மாட்டார். அந்தக் கட்டுரையை டிடெக்டர் "ஏஐ" என்று காட்டினால், தப்பு டிடெக்டருடையதா எழுதியவருடையதா என்று கடைசிவரை தெரியாது.

2018-ல் அச்சான கட்டுரையில் இந்தக் குழப்பம் வராது. அதை ஏஐ என்று ஒரு கருவி சொன்னால் அது கருவியின் பிழைதான். இப்படி மனிதர் எழுதியதை ஏஐ என்று தப்பாகக் காட்டும் பங்கை இந்தப் பக்கத்தில் வீண்பழி வீதம் என்று சொல்கிறேன். பழைய எழுத்து அளந்து தருவது அந்த ஒரு எண்ணைத்தான். டிடெக்டர் எத்தனை ஏஐ கட்டுரைகளைக் கோட்டை விடுகிறது என்று அறிய வேறு சோதனை வேண்டும், அதற்கு ஏஐ எழுதிய மாதிரிகள் தேவை. இரண்டையும் போட்டுக் குழப்பி "95 சதவீதம் துல்லியம்" என்று விளம்பரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த 95-ல் எது எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

எந்த ஆண்டுக்கு முந்தியது என்றால் பயமில்லாமல் எடுக்கலாம்?

பலரும் 2022 நவம்பர் 30-ஐச் சொல்வார்கள். சாட்ஜிபிடி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட நாள் அது. மாணவர்களின் கட்டுரைகளுக்கு அந்த எல்லை ஓரளவு பொருந்தும், ஏனென்றால் அதற்கு முன் சாதாரண மாணவர் கையில் அப்படியொரு கருவி இருந்ததில்லை. இணையத்தில் கிடக்கும் ஆங்கில எழுத்துக்கு மட்டும் அது போதாது. சாட்ஜிபிடிக்கு முன்னோடியான ஜிபிடி-2 முழு மாடல் 2019 நவம்பரிலேயே வெளியானது. ஜிபிடி-3 2020-ல் வந்தது, அதை வைத்து விளம்பரம், வலைப்பதிவு எழுதித் தரும் சேவைகள் 2021-லேயே ஓடிக்கொண்டிருந்தன. அதனால் ஆங்கிலத்துக்கு 2018 டிசம்பரோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம்.

தமிழில் கணக்கு வேறு. ஜிபிடி-2 காலத்து மாடல்களால் தமிழில் படிக்கும்படியாக எதுவும் எழுத முடிந்ததில்லை, அந்த வகையில் நமக்குக் கவலை குறைவு. நமக்குத் தொல்லை மொழிபெயர்ப்பு எந்திரம். கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011-ல் சேர்ந்தது. 2017-ல் நரம்பு வலையமைப்பு முறைக்கு மாறியதும் வாக்கியங்கள் ஓரளவு கோர்வையாக வரத் தொடங்கின. ஆங்கிலச் செய்தியை அதில் போட்டு எடுத்து லேசாகத் திருத்திப் பதிவேற்றிய தளங்கள் அப்போதே வந்துவிட்டன. அப்படிப்பட்ட 2018 எழுத்தை மொழி மாடல் எழுதவில்லை என்பது உண்மை. ஆனால் அது முழுக்க மனிதர் எழுதியது என்று சொல்ல முடியுமா?

தமிழ் விக்கிப்பீடியாவில் இது இன்னும் முந்தியே நடந்தது. 2010-ஐ ஒட்டி, கூகுள் நடத்திய ஒரு திட்டத்தில் ஊதியம் பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் கருவியின் துணையோடு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கிப் பெரிய அளவில் ஏற்றினார்கள். நடை இயல்பாக இல்லை, பிழைகள் மலிந்திருக்கின்றன என்று தமிழ் விக்கிப்பீடியர்கள் முறையிட்டார்கள். 2010 விக்கிமேனியா மாநாட்டிலும் அது பேசப்பட்டது. தேதியை மட்டும் பார்த்து "2012-க்கு முந்திய தமிழ் விக்கிப்பீடியா" என்று வாரி எடுத்தால் அந்தக் கட்டுரைகளும் கூடவே வரும்.

ஆங்கிலத்திலும் இப்படி உண்டு. 2005-லேயே சைஜென் என்ற நிரல் இலக்கணப் பிழையில்லாத, அர்த்தமே இல்லாத கணினியியல் கட்டுரைகளைத் தயாரித்தது, அவற்றில் சில மாநாடுகளுக்குள்ளும் நுழைந்தன. பிறர் கட்டுரையை எடுத்துச் சொற்களை மட்டும் மாற்றித் தரும் நிரல்களும் அப்போதிருந்தே புழக்கத்தில் உள்ளன. ஆகவே தேதியோடு வெளிவந்த இடத்தையும் பாருங்கள். ஆசிரியர் குழு பார்த்து அச்சிட்ட இதழ், கல்லூரி ஆண்டு மலர், கையெழுத்துத் தேர்வுத்தாள் ஆகியவற்றை நம்பலாம். விளம்பர வருவாய்க்காகக் கட்டுரை குவித்த தளம் எந்த ஆண்டாக இருந்தாலும் வேண்டாம்.

பக்கத்தின் மேலே "மார்ச் 2016" என்று போட்டிருக்கிறது. அதை நம்பலாமா?

அப்படியே நம்பக் கூடாது. அந்தத் தேதி தளத்தின் தரவுத்தளத்தில் இருக்கும் ஒரு கட்டம், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். தேதி சரியாக இருந்து உள்ளடக்கம் பிறகு மாறியிருக்கவும் கூடும். தேடலில் மேலே வருவதற்காகப் பழைய பதிவுகளைத் திருத்தி எழுதுவது சாதாரணமாக நடக்கிறது.

மூன்றாம் தரப்புச் சாட்சி வேண்டும். இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கம் எந்த நாளில் சேமிக்கப்பட்டது என்று பாருங்கள். 2018 முடிவதற்குள் கடைசியாக எடுத்த படி எது என்று கேட்க இந்த முகவரி உதவும்:

```
https://web.archive.org/cdx/search/cdx?url=example.com/page.html&to=20181231&filter=statuscode:200&limit=-1
```

வரும் வரியில் உள்ள 14 இலக்க எண்தான் சேமித்த நேரம். அதை வைத்துப் பக்கத்தை இப்படி எடுக்கலாம்:

```
https://web.archive.org/web/20180714093000id_/http://example.com/page.html
```

அந்த `id_` இருந்தால் ஆர்கைவ் சேர்க்கும் பட்டை எதுவும் இல்லாமல் அசல் பக்கம் வரும். இதில் ஒரு பொறி உண்டு. நீங்கள் கேட்ட நேரத்தில் படி இல்லையென்றால், வேபேக் சத்தமில்லாமல் பக்கத்திலுள்ள வேறொரு தேதிக்கு அழைத்துப் போகும். 2018 கேட்டு 2023 கையில் கிடைக்கும். நிரல் எழுதி ஆயிரக்கணக்கில் இறக்குகிறவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். இறங்கியபின் கடைசியில் வந்து நின்ற முகவரியில் உள்ள எண்ணை மறுபடி பார்த்து, எல்லை தாண்டியவற்றைத் தூக்கிப் போடுங்கள்.

விக்கிப்பீடியா என்றால் வரலாற்றுப் பக்கத்தில் அந்தத் தேதியின் பதிப்பையே எடுக்கலாம். அச்சு நூல், இதழ் என்றால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆனால் மறுபதிப்பா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தையே ஏஐ எழுதியது என்று டிடெக்டர் சொன்னதாமே? அப்படியென்றால் பழைய எழுத்தும் பாதுகாப்பில்லைதானே?

சொன்னது உண்மை. 2023-ல் ஜிபிடிஜீரோ என்ற டிடெக்டரில் அந்தச் சட்டத்தின் பகுதியைப் போட்டவர்களுக்கு ஏஐ என்று பதில் வந்தது, செய்தியாகவும் பரவியது. 1787-ல் எழுதியதற்கு இந்த முடிவு என்றால் சிரிப்புதான் வரும். ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் எந்தப் பழைய எழுத்தை எடுக்கக் கூடாது என்பதும் புரியும்.

இத்தகைய டிடெக்டர்கள் பலவும் ஒரு மொழி மாடலை உள்ளே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லும் அதற்கு எவ்வளவு எதிர்பாராததாக இருக்கிறது என்று அளக்கின்றன. இந்த அளவுக்குப் பெர்ப்ளெக்சிட்டி என்று பெயர். மாடல் தானே எழுதும்போது தனக்கு எளிதாகத் தோன்றும் சொற்களையே பெரும்பாலும் போடும் என்பதால், எதிர்பாராத்தன்மை குறைந்த எழுத்தை ஏஐ என்று கணிக்கிறார்கள். அரசியலமைப்புச் சட்டமோ மாடலின் பயிற்சித் தரவில் எண்ணற்ற முறை வந்தது. மாடலுக்கு அது மனப்பாடம், அடுத்த சொல் எது என்று முன்பே தெரியும். எதிர்பாராத்தன்மை அடிமட்டத்துக்குப் போய்விடுகிறது.

எழுதியவர் மனிதர் என்பதில் மாற்றமில்லை. சோதனை மாதிரியாகத்தான் அது உதவாது. அதை வைத்து டிடெக்டரைக் கேலி செய்யலாமே தவிர, வீண்பழி வீதத்தைக் கணக்கிட முடியாது. உங்கள் மாணவர் எழுதும் கட்டுரை மாடலுக்கு மனப்பாடமாக இருக்கப் போவதில்லை அல்லவா?

எதிர்ப்பக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. இன்னொரு வகை டிடெக்டர், மனித எழுத்து ஒரு குவியல், ஏஐ எழுத்து ஒரு குவியல் என்று காட்டிப் பழக்கப்பட்டது. நீங்கள் எடுத்த பழைய எழுத்து அந்த மனிதக் குவியலிலேயே இருந்திருந்தால் அது மிகச் சரியாக "மனிதர்" என்று சொல்லிவிடும். ஏற்கெனவே பார்த்த வினாத்தாளில் எடுத்த மதிப்பெண் அது. எல்லோருக்கும் தெரிந்த பழைய எழுத்தை எடுத்தால், டிடெக்டரின் வகையைப் பொறுத்து வீண்பழி வீதம் ஏறியும் காட்டும், இறங்கியும் காட்டும்.

அப்போது திருக்குறள் உரை, பாரதியார் கட்டுரை, மதுரைத் திட்டத்தில் உள்ள நூல்கள் எதுவும் ஆகாதா?

ஆகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழைய தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றித் தரும் மதுரைத் திட்டம் 1998 முதல் இருக்கிறது. அங்கிருந்து பல தளங்களுக்குப் படியெடுத்துப் போயிருக்கிறது. மாடல்கள் அதைப் பார்க்காமல் இருந்திருக்க வாய்ப்பே குறைவு. அதோடு, நூறாண்டுக்கு முந்திய உரைநடை இன்றைய கல்லூரிக் கட்டுரையோடு எதிலும் ஒட்டாது.

இணையத்தில் எழுத்தாக ஏறாத, தாளில் மட்டும் இருப்பவையே சிறந்தவை. பழைய கல்லூரி மலர்கள், பட்டறைகளில் கையால் எழுதிய கட்டுரைகள், துறை அலமாரியில் கிடக்கும் திட்ட அறிக்கைகள் போன்றவை. ஒரு பத்தியின் நடுவிலிருந்து வழக்கத்தில் அதிகம் வராத ஏழெட்டுச் சொற்களை மேற்கோள்குறிக்குள் போட்டுத் தேடிப் பாருங்கள். எதுவும் வராவிட்டால் ஓரளவு நிம்மதி. இன்னும் ஒரு படி போக வேண்டுமென்றால், முதல் இரண்டு வாக்கியங்களை ஒரு மாடலிடம் கொடுத்துத் தொடர்ந்து எழுதச் சொல்லுங்கள். அசலின் மூன்றாம் வாக்கியம் அப்படியே வந்து விழுந்தால் அந்தப் பிரதியை விலக்கிவிடலாம்.

பழையது, இணையத்தில் இல்லாதது. அது போதுமா, வேறு எதையும் பொருத்திப் பார்க்க வேண்டுமா?

யார் எழுதியது என்பதைப் பொருத்த வேண்டும். இதில்தான் அதிகமான சோதனைகள் தடம்புரள்கின்றன.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் ஏழு டிடெக்டர்களை எடுத்துக்கொண்டு இரண்டு கட்டுரைத் தொகுப்புகளை அவற்றில் போட்டுப் பார்த்தார்கள். ஒன்று அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதியது. மற்றது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகள். முதல் தொகுப்பில் டிடெக்டர்கள் கிட்டத்தட்டப் பிசகவில்லை. இரண்டாவதில் சராசரி வீண்பழி வீதம் 61 சதவீதம். 91-ல் 18 கட்டுரைகளை ஏழு கருவிகளும் ஒருமித்து ஏஐ என்றன.

இரண்டாம் மொழியில் எழுதுகிறவர் கைவசம் உள்ள சொற்களையே திரும்பத் திரும்பப் போடுவார், பாதுகாப்பான வாக்கிய அமைப்பையே பிடித்துக்கொள்வார். எதிர்பாராத்தன்மை குறைகிறது, கருவி ஏமாறுகிறது. முதல் தொகுப்பை மட்டும் சோதித்தவர் "இந்த டிடெக்டர் தப்பே செய்யாது" என்று நேர்மையாகவே அறிக்கை எழுதியிருப்பார். அவர் மாதிரி மனிதர்கள் எழுதியதுதான், ஆனால் வேறு மனிதர்கள்.

நம் ஊரில் தமிழ்வழியில் படித்து வந்து ஆங்கிலத்தில் எழுதும் மாணவருக்கு இந்த இரண்டாவது எண்தான் நெருக்கமானது. ஆகவே, எந்தக் கூட்டத்தின் மேல் டிடெக்டரைப் பயன்படுத்தப் போகிறீர்களோ அதே கூட்டத்தின் பழைய எழுத்தை எடுங்கள். பாடம், படிப்பின் எத்தனையாவது ஆண்டு, ஏறத்தாழச் சொல் எண்ணிக்கை, வீட்டில் எழுதியதா தேர்வு அறையில் எழுதியதா என்பது வரை ஒத்துப்போவது நல்லது. 2017 பொறியியல் ஆய்வக அறிக்கையை வைத்து 2025 தமிழ்த்துறைக் கட்டுரைக்குத் தீர்ப்பு சொல்ல முடியாது.

எத்தனை பழைய கட்டுரை வேண்டும்? இருபது முப்பது போதாதா?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். முப்பது பழைய கட்டுரைகளில் ஒன்றைக்கூட டிடெக்டர் தப்பாகக் காட்டவில்லை என்று வையுங்கள். வீண்பழி பூஜ்யம் என்று தோன்றும். புள்ளியியலில் ஒரு சுருக்கு விதி இருக்கிறது: n-ல் ஒன்றுகூடத் தவறவில்லை என்றால், உண்மையான வீதம் ஏறத்தாழ `3/n` வரை இருக்கலாம் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். 3/30 என்றால் 10 சதவீதம். பத்துப் பேரில் ஒருவர் மேல் வீண்பழி போடும் கருவிகூட இந்த முப்பதுக் கட்டுரைச் சோதனையில் நல்ல பெயர் வாங்கிவிடக் கூடும். 1 சதவீதத்துக்குக் கீழே என்று நம்பிக்கையாகச் சொல்ல 300 கட்டுரையும் பூஜ்யத் தவறும் வேண்டும்.

இப்போது 300 எடுத்தீர்கள், 6 தப்பாக வந்தன என்று வைத்துக்கொள்வோம். வீதம் 2 சதவீதம், ஆனால் உண்மை 0.9-க்கும் 4.3-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். அடுத்த பருவத்தில் புதிதாக 300 கட்டுரை வருகிறது. அவற்றில் 30 ஏஐ எழுதியது, 270 மாணவர் எழுதியது என்றும், ஏஐ கட்டுரைகளில் 60 சதவீதத்தைக் கருவி பிடிக்கும் என்றும் ஒரு பேச்சுக்கு வையுங்கள். 30-ல் 18 பிடிபடும். 270-ல் 2 சதவீதம், அதாவது ஐந்து பேர் வீணாக மாட்டுவார்கள். ஆக அழைத்து விசாரிக்கப்படும் 23 பேரில் 5 பேர் குற்றமற்றவர்கள். "2 சதவீதம்தானே" என்று சொன்ன கருவி, கைநீட்டும் இடத்தில் நாலரைக்கு ஒன்று தவறுகிறது. வகுப்பில் ஏஐ பயன்படுத்தியவர்கள் குறையக் குறைய இந்தப் பங்கு இன்னும் மோசமாகும்.

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில், மாணவர் கட்டுரைகளில் நகலெடுப்பைச் சோதிக்கும் டர்னிட்டின் நிறுவனத்தின் டிடெக்டரை அணைத்து வைத்தபோது போட்ட கணக்கும் இந்த வகைதான். 2022-ல் அவர்கள் 75,000 கட்டுரைகளை டர்னிட்டினுக்கு அனுப்பியிருந்தார்கள். நிறுவனமே ஒப்புக்கொண்ட 1 சதவீத வீண்பழியை அதில் வைத்தால்கூட 750 கட்டுரைகள் தப்பாகக் குறிக்கப்பட்டிருக்கும் என்றார்கள்.

எண்ணிக்கையில் இன்னொரு ஏமாற்றம் இருக்கிறது. 300 கட்டுரையையும் இருபதே மாணவர்கள் எழுதியிருந்தால் அது 300 ஆகாது. ஒருவருடைய நடை டிடெக்டருக்கு ஒத்துவராவிட்டால் அவருடைய பதினைந்து கட்டுரையும் மாட்டும். ஆளுக்கு ஒன்று எடுங்கள்.

அச்சுப் பிரதியை ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தை எடுத்துத் தரும் ஓசிஆர் போட்டோம். அதில் வரும் எழுத்துப்பிழைகளைத் திருத்த வேண்டுமா?

கட்டாயம் திருத்த வேண்டும். டிடெக்டருக்கு ஓசிஆர் பிழையும் எதிர்பாராத சொல்தான். துணைக்காலும் ரகரமும் மாறிப்போன, ஒற்று விழுந்துபோன பத்தி எதிர்பாராத்தன்மையில் உச்சத்துக்குப் போகும். எல்லாவற்றையும் "மனிதர்" என்று கருவி சொல்லும். வீண்பழி இல்லை என்று நீங்கள் மகிழ்வீர்கள். உண்மையில் கருவி கண்டுபிடித்தது ஸ்கேனரை.

பழைய எழுத்துரு, குறியாக்கங்களிலிருந்து, அதாவது பாமினி, டிஸ்கி போன்றவற்றிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்புகளிலும் இதே தொல்லை. தமிழ் எண் ௧ இருக்கும் இடத்தில் க, கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்த ஒகரம் என்று கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகள் ஒளிந்திருக்கும். மேற்கோள்குறி நேராக இருக்கிறதா வளைந்திருக்கிறதா, பத்திக்கு நடுவில் வரி உடைந்திருக்கிறதா என்பதும் சேர்த்தி.

நீங்களே டிடெக்டர் பழக்குகிறீர்கள் என்றால் இது இன்னும் ஆபத்து. மனிதக் குவியல் முழுக்க ஓசிஆர், ஏஐ குவியல் முழுக்கச் சுத்தமான யூனிகோடு என்று கொடுத்தால், மாடல் நடையைக் கற்காது, அச்சுக்கோளாறைக் கற்கும். சோதிக்க எளிய வழி: எல்லாப் பிரதியிலும் சொற்களை எடுத்துவிட்டு நிறுத்தற்குறிகளையும் இடைவெளிகளையும் மட்டும் விட்டு, அதை வைத்தே பிரிக்க முடிகிறதா என்று பாருங்கள். 90 சதவீதம் சரியாகப் பிரிந்தால் உங்கள் மாதிரியில் ஓட்டை இருக்கிறது.

திருத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஓசிஆர் செய்த பிழையை மட்டும் திருத்துங்கள், மாணவர் செய்த பிழை அப்படியே இருக்கட்டும். திருத்தும் வேலையை மாடலிடம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் அது மனித மாதிரி அல்ல.

தனித்தனிக் கட்டுரைக்குத் தீர்ப்பு சொல்வது இவ்வளவு கஷ்டம் என்றால், பழைய எழுத்தால் வேறு உபயோகமே இல்லையா?

கூட்டமாக அளப்பதில் நிறைய இருக்கிறது. எனக்குப் பிடித்த உதாரணம், பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுத் தரவுத்தளத்தை வைத்து நடந்த ஆய்வு. 2010 முதல் 2024 வரை வெளியான ஒன்றரைக் கோடி மருத்துவ ஆய்வுச் சுருக்கங்களை எடுத்து, எந்தெந்தச் சொல் எவ்வளவு வந்தது என்று ஆண்டுவாரியாக எண்ணினார்கள். சாட்ஜிபிடிக்கு முந்திய ஆண்டுகளின் போக்கை நீட்டி, 2024-ல் ஒரு சொல் எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்று கணித்தார்கள். உண்மையில் வந்ததோடு ஒப்பிட்டால் ஆங்கிலத்தில் "டெல்வ்ஸ்" என்ற சொல் இருபத்தைந்து மடங்குக்கு மேல் பெருகியிருந்தது. 2024-ன் சுருக்கங்களில் குறைந்தது 13.5 சதவீதம் மாடலின் கை பட்டவை என்று முடிவுக்கு வந்தார்கள்.

இதில் என்ன அழகு என்றால், அந்தப் பழைய ஆண்டுகளிலேயே ஒரு பெரிய அதிர்ச்சி இருந்தது: கொரோனா. 2020-லும் சில சொற்கள் திடீரென்று எகிறின. ஆனால் அவை நோயின் பெயர், பெருந்தொற்று போன்ற பொருள் சார்ந்த சொற்கள், பெரும்பாலும் பெயர்ச்சொற்கள். 2024-ல் எகிறியவையோ நடையை அலங்கரிக்கும் வினைகளும் அடைகளும். உலகம் மாறும்போது எழுத்து எப்படி மாறும் என்பதற்கு ஒரு மாதிரி பழைய தரவிலேயே கிடைத்ததால்தான், இந்த மாற்றம் வேறு வகை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. பழைய மாதிரியை ஒரே ஆண்டிலிருந்து எடுக்காமல் பல ஆண்டுகளில் பரப்பி எடுக்க இது நல்ல காரணம்.

அதே ஆய்வு ஒரு தனிச் சுருக்கத்தைக் காட்டி "இதை ஏஐ எழுதியது" என்று சொல்லாது. அந்தச் சொல்லை 2015-லும் சிலர் எழுதியிருக்கிறார்கள்.

ஒரே மாணவரின் 2021 கட்டுரையையும் இப்போதைய கட்டுரையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்?

பேச்சைத் தொடங்க உதவும், தண்டனை கொடுக்க உதவாது. நான்கு ஆண்டில் ஒருவர் நடை மாறும், மாறத்தானே படிக்க வருகிறார். மேலும், பழைய கட்டுரையை மாடல் எழுதவில்லை என்பதற்குத்தான் தேதி சாட்சி. அந்த மாணவரே எழுதினார் என்பதற்கு இல்லை. அண்ணனோ, டியூஷன் ஆசிரியரோ, காசுக்கு எழுதித் தருகிறவரோ எழுதியிருக்கலாம், அது 2021-லும் நடந்ததுதான். உண்மையிலேயே அந்த ஆள் எழுதியது வேண்டுமென்றால் தேர்வு அறையில் எழுதிய தாளை எடுங்கள்.

ஒருமுறை நல்ல மாதிரித் தொகுப்பு சேர்த்துவிட்டால் காலத்துக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமா?

சில ஆண்டுகள் ஓடும், ஆனால் இரண்டு பக்கமும் தேயும். மனிதர்கள் மாறுகிறார்கள். மாடல்கள் விரும்பும் ஆங்கிலச் சொற்கள் சாட்ஜிபிடிக்குப் பிறகு மனிதர்களின் மேடைப் பேச்சிலும் கூடியிருப்பதை யூடியூப் உரைகளை வைத்து ஆய்வாளர்கள் 2024-ல் காட்டினார்கள். மாடலின் எழுத்தைத் தினமும் படிக்கும் மாணவர் அதைப் போலவே தானாக எழுதத் தொடங்கினால், அவர் மேல் விழும் வீண்பழியை 2017 மாணவரின் கட்டுரை காட்டிக்கொடுக்காது. பழைய மாதிரியில் கிடைத்த எண்ணைக் குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்ளுங்கள், இன்றைய வீதம் அதற்கு மேலே இருக்க வாய்ப்பு அதிகம்.

கருவியும் மாறும். டிடெக்டர் நிறுவனங்கள் அறிவிக்காமலே மாடலை மாற்றுகின்றன. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அதே தொகுப்பை மறுபடி ஓட்டி, தேதியோடு எண்ணை எழுதி வையுங்கள். போன பருவத்தில் 300-க்கு 6 வந்தது இப்போது 19 ஆனால் அந்தப் பருவத்துக்குக் கருவியைத் தொடாமல் இருப்பது நல்லது.

தொகுப்பை எங்கே போட்டுப் பார்க்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். பதிவேற்றியதைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வோம் என்று பல இலவசத் தளங்களின் விதிகளிலேயே இருக்கும். ஒருமுறை அங்கே போனால், அலமாரியில் தூசி படிந்து கிடந்த உங்கள் கல்லூரி மலர் அடுத்த பதிப்புக்குத் தெரிந்த பாடமாகிவிடலாம். பெயர், பதிவு எண்ணை நீக்கிவிட்டு, சேமிக்க மாட்டோம் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளும் சேவையில் மட்டும் ஓட்டுங்கள். தொகுப்பில் பாதியை எதிலும் போடாமல் தனியே எடுத்து வையுங்கள். முதல் பாதியில் வீதம் காரணமில்லாமல் இறங்கினால், தொடாத பாதியை ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். அதில் வீதம் பழையபடியே இருந்தால் முதல் பாதி கசிந்துவிட்டது, புதிதாகச் சேர்க்க ஆரம்பிக்க வேண்டியதுதான்.